அமுக்காத பட்டன்

தேவநேசனுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே கால் கூசியது. தப்பு செய்தவன் அவன். பக்கத்தில் நடந்து வந்த மனைவி ஜேனிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜேன் மைசூரில் பள்ளி டீச்சர். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் விழுவாள். அரை நிமிஷத்தில் எழுந்து என்ன ஆச்சு என்று கேட்பாள். நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் பெட்டியை இரண்டு தடவை மாட்டிப் பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் ஒரு கோளாறும் பதியவில்லை. அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. வேலைக்கு டிமிக்கி என்றது பள்ளி. அது கிடக்கட்டும், கட்டின புருஷனே ஒரு நாள், "நடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டான்.

டாக்டர் சுசித்ராதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். தினம் வரும் தொந்தரவுக்குத்தான் ஒரு நாள் பெட்டி. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வந்தால், சில வாரம் கூடவே வைத்திருக்கும் கருவி. இவளுக்கோ பல மாதத்துக்கு ஒருமுறை. எப்போதோ வருகிற திருடனுக்கு ஒரு நாள் காவல் போதுமா? மரத்துப்போக ஊசி போட்டு, இடது மார்புத் தோலுக்கடியில் சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒரு கருவியை வைத்தார். மூன்று வருஷம்போல அது விழித்திருக்குமாம். தேவநேசன் கையில் ஒரு குட்டி ரிமோட்டும் கொடுத்தார். ஜேன் விழுந்ததும் அதை அவள் நெஞ்சருகே வைத்து அமுக்கினால், முந்தின சில நிமிஷத்தையும் சேர்த்துக் கருவி பத்திரப்படுத்திக்கொள்ளும்.

ஐந்து மாதம் காத்திருந்தார்கள். போன சனிக்கிழமை தேவராஜா மார்க்கெட்டில், வாழைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஜேன் தடாலென்று விழுந்தாள். தேவநேசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் தெளித்தான், ஜெபம் சொன்னான், ஆட்டோ பிடித்தான். சட்டைப்பையில் கிடந்த ரிமோட் நினைவுக்கு வந்தபோது மறுநாள் ஆகியிருந்தது.

இப்போது டாக்டர் ஜேனின் மார்பருகே ஒரு கருவியை வைத்து, உள்ளே பதிந்ததைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டிருந்தார். தேவநேசனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பட்டனை அமுக்கவில்லை என்று கொட்டிவிட்டான். இன்னும் ஐந்து மாதம் கழித்து இவள் எங்கே விழப்போகிறாளோ என்று புலம்பினான்.

டாக்டர் சிரித்தார். "அமுக்கலன்னா என்ன சார்? துடிப்பு மூணு செகண்டுக்கு மேல நின்னா, அதுவே பதிஞ்சுக்கும். இங்க பாருங்க."

சனிக்கிழமை காலை பத்தே கால். ஏறி இறங்கி வந்த கோடு, திடீரென்று தட்டையாகப் படுத்துவிட்டது. எட்டு விநாடி. பிறகு மெல்ல எழுந்தது. காரணம் தெரிந்துவிட்டது, பேஸ்மேக்கர் வைத்தால் அது துடிப்பை இப்படி நிற்க விடாது, இனி பயமில்லை என்றார் டாக்டர்.

பெண்டாட்டியின் இதயம் நின்றதைப் பார்த்து மனம் குளிர்ந்த புருஷன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். வெட்கமில்லாமல் அழுதான். ஜேன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

"அப்போ நான் நிஜமாவே நடிக்கலைங்க," என்றாள் மெதுவாக.

இத்தனை நாளாக அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று தேவநேசனுக்கு அப்போதுதான் உறைத்தது.