ஊசிக்கு இறங்காத ரத்தம்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் மயக்க டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். அறுவை நிபுணருக்குப் 'பெரிய கை' என்று பட்டப்பெயர். அவரைப் பார்த்தால் அவள் வணக்கம் சொல்வாள். மனதுக்குள் மட்டும் ஆறு வருடமாக அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு இளைஞனுக்கு ரத்தம் உறைய எடுக்கும் புரோத்ராம்பின் நேரம் நீண்டிருந்தது. கல்லீரல் கெட்டிருக்கும் போலிருக்கிறது, கத்தி வைக்க வேண்டாம் என்று அவள் தடுத்தாள். வைட்டமின் கே ஊசி போட்டாச்சு, அது போதும் என்று பெரிய கை வயிற்றைத் திறந்தார். ரத்தம் நிற்கவே இல்லை, பையன் பிழைக்கவில்லை. விசாரணையில், மயக்க டாக்டர் தன்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்று கூசாமல் சொன்னார். ஒரு வருடம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பையனின் அம்மா அவளுடைய கோட்டைப் பிடித்து உலுக்கியது இன்னும் தோளில் வலித்தது.

இப்போது மஞ்சள் காமாலையோடு ஒரு தையல்காரப் பெண் வந்து படுத்திருந்தாள். ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. கல் பித்தத்தை அடைத்திருக்கிறது, பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேரவில்லை, அதனால்தான் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பெரிய கை முடிவு கட்டினார். ஊசி போட்டு, அறுவைக்கு நாள் குறித்தார்.

மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியைப் பார்ப்பது அவள் வேலை. பார்க்கப் போனபோது அந்தப் பெண் தன் அக்காவையே யாரென்று கேட்டாள். நீட்டிய கைகள் படபடத்தன. கல்லீரல் ஓய்ந்துபோனால் மூளை இப்படித்தான் குழம்பும். ஸ்கேனை மறுபடி பார்த்தால் பித்தக்குழாய் விரியவே இல்லை, அடைப்பு இல்லை. கல் தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது. சில வாரங்களாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுவதாக அக்கா சொன்னாள். சிலருக்கு அந்த மாத்திரையே கல்லீரலைக் கெடுத்துவிடும். மயக்க டாக்டர் அதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ரத்தம் எடுத்து அனுப்பினாள்.

முடிவு வந்தது. தொடர்ந்து ஊசி போட்டும் ரத்தம் உறையும் நேரம் குறையவில்லை. வைட்டமின் கே மட்டும்தான் குறை என்றால் ஒரு நாளிலேயே இறங்கியிருக்க வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் பைப்ரினோஜன் என்ற புரதமும் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கீழே கிடந்தது. அந்தப் புரதத்தைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே தேவையே இல்லை. கல்லீரல் மிக மோசமாகும்வரை அது சாதாரணமாகக் குறைவதுமில்லை. உடம்பெங்கும் ரத்தம் உறைந்து அது செலவாகிப் போயிருக்குமோ என்றும் சோதித்தாள், அப்படியும் இல்லை. அதைச் செய்கிற கல்லீரலே படுத்துவிட்டது.

முதலில் கல்லீரல் மாற்று மையத்துக்குப் பேசிப் படுக்கை உறுதி செய்தாள். ஆம்புலன்ஸ் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய கையிடம் அவள் போகவில்லை. காலைக் கூட்டத்துக்குப் போய் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

தலைமை மருத்துவர் அன்றைய அறுவைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். பெரிய கை எழுந்தார்.

"பித்தக்கல். ரத்தம் உறைய கொஞ்சம் லேட்டாகுது. வைட்டமின் கே போட்டாச்சு, சரியாயிடும்."

"சரியாயிடுச்சான்னு பார்த்தீங்களா சார்?" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் எண்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னாள். மாத்திரையையும், விரியாத குழாயையும், படபடத்த கைகளையும் சொன்னாள். கத்தி வைத்திருந்தால் மேசையிலேயே போயிருப்பாள் என்று முடித்தாள்.

"பைப்ரினோஜன் பார்க்கச் சொன்னது யாரு?" என்றார் பெரிய கை.

"நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கத்தி வைக்காதீங்கன்னும் நான்தான் சொன்னேன். அன்னைக்கு நான் சொல்லவே இல்லன்னு சொன்னீங்க. இன்னைக்கு இத்தனை பேர் கேட்டுட்டிருக்காங்க."

பழைய வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தலைமை மருத்துவர் சொன்னதை அவள் ஒரு வாய்ப் பாயசம்போல் மெதுவாக விழுங்கினாள்.

நடைபாதையில் அவர் பின்னாலேயே வந்தார். "காலையிலேயே எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். நீ பழி வாங்குற."

"ஆமா சார்," என்றாள். "அந்தப் பொண்ணை ஏத்தி அனுப்பிட்டுத்தான் வாங்குறேன்."

ஆம்புலன்ஸ் அப்போது வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாற்று மையத்தில் அக்காவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துத் தங்கைக்கு வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். மறு விசாரணையில், அன்று அவள் எச்சரித்ததைக் கேட்டதாக அறுவை அறைச் செவிலியர் சாட்சி சொன்னார். பெரிய கைக்குக் கத்தியைத் தொட அனுமதி இல்லாமல் போனது.

இப்போதும் அவர் சில நாள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்து உட்காருகிறார். அவள் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. ஆனாலும் போய், கதவருகே நின்று, வணக்கம் சார் என்று சொல்லிவிட்டு வருகிறாள்.