இரண்டு பத்திப் பக்கம்

மாத்தளை நீதிமன்றத்தில் அரசு சட்டத்தரணி ஒரு தாளை எடுத்துச் சிங்களத்தில் வாசித்தார். பஸ்ஸில் பிடிபட்ட பார்சல் வழக்கில் அடைபட்டிருந்த கணபதிக்குப் பிணை கேட்டுச் சட்டத்தரணி பதுர்தீன் கொடுத்த மனுவோடு இருந்த தாள்.

"பார்சலை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். உள்ளே என்னவென்று தெரியாது. வில்கமுவையில் என் மனைவி..."

கணபதியின் தாய் பாப்பம்மா பின்வரிசையில் எழுந்துவிட்டாள். தேயிலைத் தோட்டத்துக்காரிக்கும் சிங்களம் தெரியும்.

"ஐயா, எம் பையனுக்கு ஏதுங்க பொண்டாட்டி?"

பொலிஸ்காரன் உட்காரச் சொன்னான். பிணை கிடைக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் பதுர்தீன் தட்டச்சுப் பெண் மஸீனாவின் மேசையில் தாளைப் போட்டார்.

"என்ன புள்ள இது? நம்ம ஆளையே நாம மாட்டிவிட்டிருக்கோம்."

அந்தத் தாளுக்கு மூலம் மனித உரிமைச் சங்கமொன்றின் தமிழ் மாத இதழ்; பிடிஎஃப் ஆக வந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பத்திகள். இடப்பத்தியில் கணபதி சொன்னது. வலப்பத்தியில், அதே வழக்கில் விசாரித்து விடப்பட்ட வில்கமுவை வியாபாரி முத்தலிப் சொன்னது. மஸீனா அதைக் கொப்பி பண்ணி வேர்டில் ஒட்டியபோது இடப்பத்தியில் ஒரு வரி, வலப்பத்தியில் ஒரு வரி என்று மாறி மாறி விழுந்தது. அவள் ஒன்றுவிட்ட ஒரு வரியாகப் பிரித்தாள். கணபதி பங்கைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு, மற்றதை வாசிக்காமலே அழித்தாள்.

இப்போது இதழின் பக்கத்தை அச்சிட்டு அருகில் வைத்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இங்க பாருங்க சேர். கணபதி பக்கம் நடுவுல ஒரு வரி வெறுமையா விட்டிருக்கு. அந்த எடத்துல முத்தலிப் வரி ரெண்டு சேந்து வந்திருக்கு. அதுக்குப் பொறகு எல்லாம் தலைகீழ். கணபதிட மிச்சம் நான் அழிச்சதுல போயிட்டு."

"வாசிக்கக்குள்ள தெரியல்லியா?"

"முத்தலிப்புட வசனமும் அங்கதான் புதுசாத் தொடங்குது சேர். ஒட்டினாப்பலயே இருந்திச்சு."

வரிகளை அந்தந்தப் பத்திக்குத் திருப்பினார்கள். 'பார்சலை நான் பார்த்ததே இல்லை. அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தேன்' என்று கணபதி கடைசியில் சொல்லியிருந்தான். நீதிமன்றத்தை நம்பவைக்க முழுப் பக்கத்தையும் கொடுக்க வேண்டும். முத்தலிப்பின் பெயரோடு.

மஸீனா தயங்கினாள். "அந்த மனுசனுக்குக் கரைச்சல் வராதா, சேர்?"

பதுர்தீன் புது மனுவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தவணையில் அரசு சட்டத்தரணி சிரித்தார். "முதலில் ஒப்புக்கொண்டார்கள். இப்போது வேறு ஆளைக் காட்டுகிறார்கள். இரண்டு பேரையும் விசாரிக்கத்தான் வேண்டும்."

கணபதியைச் சிறைக்கே திரும்பக் கொண்டுபோனார்கள். அந்த வாரமே முத்தலிப்பைப் பிடிக்க வில்கமுவைக்குப் பொலிஸ் ஜீப் போனது.

செய்தி கேட்டுப் பாப்பம்மா அலுவலகப் படியில் குந்தினாள். மஸீனா தேத்தண்ணி நீட்டினாள்.

"வேணாம் புள்ள," என்றாள் பாப்பம்மா. "அந்தாளு பொண்டாட்டி வருவா. அவளுக்குக் குடு."