தொழுகை இல்லாத நாட்கள்

டொக்டர் ஒரு பெண். இருந்தும் மனம்விட்டுப் பேச வழியில்லை, அதுதான் கொடுமை. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ மீன் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். நடுவில் என் மகன் அக்ரம் நின்றான். தாடி இப்போதுதான் ஒழுங்காக முளைக்கிறது. சலம் கழிக்கும்போது எரிகிறது, கழிவறைக்குப் போவதற்குள் உடுப்பு நனைகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "வயிறு எரியுது" என்றேன். அதை அப்படியே சிங்களத்தில் சொன்னான். கேஸ்ட்ரிக் குளிசை கிடைத்தது. அடுத்த மாதமும் அதே கதைதான்.

கணவர் கட்டாரில். முன்பு மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாளுக்கு முன் அந்த அவசரம் வரும், பிறகு போய்விடும். நாற்பத்தேழு வயதானதிலிருந்து மாதவிடாய் தன் இஷ்டத்துக்கு வருகிறது. அவசரம் மட்டும் தவறுவதில்லை. உடுப்பு நனைந்து சுத்தம் முறிய, ஒரு தொழுகைக்கு மூன்று தரம் கைகால் கழுவி உளு எடுத்தேன். தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறுவதையும் விட்டேன். தண்ணீரைக் குறைத்தால் சரியாகும் என்று என் பெரிய மூளை சொன்னது. குறைத்தேன். எரிச்சல் கூடியது.

மூன்றாம் முறை, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு தில்லையடியிலிருந்து ஓட்டோவில் போனேன். டொக்டர் என் முதுகின் வலப்பக்கம் மெல்லத் தட்டினார். உயிர் போனது. சலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அக்ரமிடம் ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்துவிட்டது. பாவமாக இருந்தது.

"உம்மா," என்றான் சுவரைப் பார்த்து. "கடைசியா எப்ப உங்களுக்குத் தொழுகை இல்லாம இருந்த?"

மாதவிடாய்க்கு எங்கள் வீட்டில் பெண்கள் தங்களுக்குள் பேசுகிற சொல். எங்கிருந்து பொறுக்கினான்? அவன் வாயில் அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. வெட்கம் போதும் என்று மின்விசிறியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னான்.

டொக்டர் பேசப் பேச எனக்கும் சொன்னான். "இந்த வயசுல பொம்புளைகளுக்கு ஹோர்மோன் கொறையுமாம். சலம் போற பாதைட தோல் மெலிஞ்சி காஞ்சி போறதால கிருமி லேசாப் புடிக்குமாம். மாசத்துல அந்த நாளுக்கு முன்னுக்கும் அது கொறையிறதால சில பேருக்கு அப்ப அவசரம் கூடுமாம். தண்ணியக் கொறைக்கப் போடாதாம். இப்ப கிருமி கிட்னிக்கு ஏறீக்கி. ஆஸ்பத்திரில நிண்டு ஊசி ஏத்தணும். சொகமான பொறகு பூசுறதுக்கு ஹோர்மோன் கிறீம் ஈக்காம்."

டொக்டர் கோபமாக இன்னொன்று கேட்டார்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல எண்டு கேக்குறாங்க."

"ரெண்டு தரமும் நீதானே மகன் பக்கத்துல நிண்ட."

டொக்டர் பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்தார். அதை மட்டும் அவன் மாற்றிச் சொல்லவில்லை.