அக்கரை டவர்

வில்லியனூரில் இருக்கும் அந்த செல்போன் கம்பெனி ஷோரூமுக்குச் சாமிநாதன் வருவது இது நாலாவது தடவை. செலியமேட்டிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து, டோக்கன் எடுத்து, ஏசியில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் பில்.

கவுண்டரில் ரோஸ்லின். இருபத்தைந்து வயசிருக்கும், பொறுமைசாலி. மற்ற மூன்று கவுண்டர்க்காரர்களும் அவரைக் கண்டதும் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள்.

"ஐயா, 198 நம்பருக்குப் போன் பண்ணி குடுத்த கம்ப்ளைண்ட்ட பில்லு சரின்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க. மேல அப்பீல் பண்ணலாம். முப்பது நாள் டைமு. இன்னையோட முடியுது."

"சரின்னா இன்னாம்மா சரி? நான் சுவிஸ் நாட்டுக்கே போவலியே!"

போகவில்லை என்பது சத்தியம். மகள் மகாலட்சுமி இருப்பது பிரான்ஸில், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். மனைவி கனகாம்பாள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறதே, அப்பா தனியாக வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டு கிடக்கிறாரே என்று, இரண்டு மாசத்துக்கு அவரை வரவழைத்திருந்தாள். பிரான்ஸுக்குப் பெரிய ரோமிங் பேக்கும் போட்டுக் கொடுத்தாள். "எவ்ளோ வேணா பாருப்பா" என்றாள்.

ரோஸ்லின் திரையைப் பார்த்தாள். "பில்லுல இருக்கற அஞ்சு நாளும் உங்க போனு சுவிஸ் டவர்லதான் இருந்திருக்கு. உங்க பேக்ல அந்த நாடு இல்ல. அதனால எம்பிக்கு இவ்ளோன்னு தனி ரேட்டு ஓடியிருக்கு. எஸ்எம்எஸ் அனுப்பிக்கினேதான் இருந்திருக்கோம். லிமிட்ட தொட்டப்புறம் நெட்ட நிறுத்திட்டாங்க."

இங்கிலீஷில் வந்த எஸ்எம்எஸ்களை அவர் லாட்டரி விளம்பரம் என்று நினைத்து அழித்திருந்தார். நெட் நின்றபோது போன் ரிப்பேர் என்று நினைத்தார்.

"எல்லைப் பக்கம் இப்டி ஆவறதுதான். நீங்க சொன்ன அந்த ஆத்துக்கு இந்தாண்ட நின்னா அந்தாண்ட டவரு புடிச்சிக்கும். அத எழுதுனா கொறைக்க வாய்ப்பிருக்கு. ஆனா பாஸ்போர்ட்ல காட்ட முடியாது. அந்த எல்லையில முத்திரை அடிக்க மாட்டாங்க. பகல் பூரா ஆத்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாருன்னு அங்க இருக்கறவங்க யாராவது ஒரு லெட்டர் குடுத்தா நல்லாருக்கும்."

சாமிநாதன் பில்லை மறுபடி கவருக்குள் செருகினார்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் மகள். பில் போகிற மெயில் ஐடியே அவளுடையதுதான். எல்லாம் அவளுக்குத் தெரியும். லெட்டர் கேட்கிறார்கள் என்று இவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"லெட்டர்தானப்பா? உன் ஃப்ரெண்டு ராசையா அண்ணன் இருக்காரே! பகல் பூரா அவர் கடையிலதான உக்காந்திருந்த? கடை பேரு சொல்லு, சாயந்தரம் நானே போய் வாங்கியாறேன்."

"சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். கம்பெனி ஷோரூமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்ற முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ராசையா என்று ஒருவர் இல்லை. ஆற்றங்கரையோரம் மளிகைக் கடை இல்லை. எல்லாம் சாமிநாதன் கட்டிய கதை.

மருமகன் குமரவேலுக்கு வீட்டிலேயே வேலை. காலையிலிருந்து காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். நல்ல பையன். ஆனால் இருப்பது ஒரே கூடம். இவர் இருமினால் அவன் மைக்கை அணைப்பான். டம்ளரை வைத்தால் திரும்பிப் பார்ப்பான். ஒரு வார்த்தை முகம் கோணிச் சொன்னதில்லை, அதுதான் இவருக்கு இன்னும் கூச்சம். மகள் வேலைக்குக் கிளம்பியதும் இவரும் கிளம்பிவிடுவார். முதலில் பூங்காவில் உட்கார்ந்தார். அங்கே பந்து உருட்டி விளையாடும் கிழவர்கள் தினமும் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். தினமும் சிரித்து வைக்க வெட்கமாக இருந்தது. ஆற்றங்கரைக்கு இடம் மாறினார். அங்கே எதுவும் கேட்க ஆளில்லை.

எங்கேப்பா போகிறாய் என்று மகள் கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், ராசையா, ஆற்றோரம் கடை வைத்திருக்கிறார், பேச்சுத் துணைக்குப் போகிறேன் என்றார். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தபின் வாபஸ் வாங்க முடியுமா? ஒருநாள் ராசையாவுக்கென்று கேக் கூட செய்து கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கேக்கையும் இவரே தின்றார். அன்றைக்கு அழுகை வந்தது.

"ஐயா, அப்பீல் போடலாமா வேணாமா?" என்றாள் ரோஸ்லின்.

பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம். கரும்பு விற்ற காசு இருக்கிறது. ராசையா பிழைத்துக்கொள்வார். ஆனால் மகள் இன்றைக்குக் கடையைத் தேடிப் போவாள். நாளைக்கு ஆற்றோரம் முழுக்க விசாரிப்பாள். இல்லாத மனிதருக்கு இன்னும் எத்தனை கேக் தின்பது?

"எழுதும்மா" என்றார். "சாட்சி யாரும் இல்லன்னு எழுது. ஆத்தங்கரையில ஒரு பெஞ்சு, அதுல தனியா உக்காந்திருந்தேன். காலையில ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும். ஒருத்தர்கிட்டயும் பேசல."

ரோஸ்லின் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இவ்ளோ டேட்டா... இன்னா ஐயா பாத்தீங்க?"

"என் வூட்டத்தான்."

பூட்டிய வீட்டுக்குத் திருட்டுப் பயம் என்று மகள்தான் வாசலில் கேமரா மாட்டியிருந்தாள். அதில் வாசலும் தெருவும் போனிலேயே தெரியும். அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். மணியம்மாள் புல்லுக்கட்டோடு போவாள். நம்மூர் நேரம் நாலரைக்கு ஸ்கூல் வேன் நிற்கும். இருசப்பன் கழனியிலிருந்து திரும்பும்போது இவர் வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டே போவான், பழக்கதோஷம். அவர்கள் யாருக்கும் இவர் பார்ப்பது தெரியாது. ஆறரைக்கு இருட்டும். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். தெருவில் எல்லார் வீட்டிலும் லைட் எரியும், இவர் வீட்டைத் தவிர. அதைப் பார்த்துவிட்டுத்தான் பெஞ்சைவிட்டு எழுவார்.

"இதெல்லாம் எழுதணுமா ஐயா?"

"எழுது. இதானே நெசம்."

"நகல் உங்க பொண்ணு மெயிலுக்குப் போவும்."

"போவட்டும்."

அவள் எழுதி, வாசித்துக் காட்டி, அனுப்பினாள். அப்பீல் நம்பர் அவர் போனில் வந்து விழுந்தது. ஒரு மாசத்துக்கு மேல் ஆகலாம் என்றாள். டோக்கன் மெஷின் அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மகளிடமிருந்து போன் வரவில்லை. அப்பீல் நம்பரை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், அதற்கு அடியில் நீலக்குறி கூட விழவில்லை. கோபம்தான், இருக்காதா? இருட்டியது. மணியம்மாள் வீட்டில் லைட் எரிந்தது. இவருக்கு எழுந்து சுவிட்சைத் தட்டவும் மனசில்லை. ஊருக்குத் திரும்பி வந்தும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

தலைக்கு மேல் கரகரவென்று ஒரு சத்தம்.

"அப்பா."

நிமிர்ந்தார். கேமராவில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. அதில் பேசவும் முடியும் என்று அவள் எப்போதோ சொன்னது இவருக்கு மறந்தே போயிருந்தது.

"அரை மணி நேரமா பாத்துக்கினு இருக்கேன்ப்பா. எல்லார் வூட்லயும் லைட் எரியுது. எழுந்து போய் லைட்டப் போடு."

குரல் உடைந்திருந்தது. பின்னால் காற்றுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"எங்கேர்ந்தும்மா பேசற?"

"ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டேன். ஆத்தங்கரையில, உன் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்."

சாமிநாதன் பதறி எழுந்தார். தெருவே கேட்கும்படி கேமராவைப் பார்த்துக் கத்தினார்.

"அங்க உக்காராதடி! அக்கரை டவரு புடிச்சிக்கும்! மொதல்ல ரோமிங்க ஆஃப் பண்ணு!"

"புடிச்சா புடிக்கட்டும்ப்பா" என்றாள் அவள். "நீ லைட்டப் போட்டுட்டு வந்து உக்காரு."

அவர் உள்ளே போய் லைட்டைப் போட்டுவிட்டு வந்து, கேமராவுக்குத் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.