எந்த அப்பா?

மூன்று வயது மோனிகாவுக்குப் பேச்சு வரும், காத்திருக்கத்தான் வராது. யார் வாயைத் திறந்தாலும் கூடவே கத்துவாள். வீட்டில் அப்படித்தான் பழகியிருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அங்கன்வாடியில் டீச்சராக இருந்த ஈஸ்வரிக்கு அது தெரியும். குழந்தையை விட வரும் அம்மா சாராளின் முகத்தில் பாதி நாள் வீக்கம் இருக்கும்.

ஈஸ்வரி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். மர ஸ்டூலைத் தட்டி, "டொக் டொக்" என்பாள். பிறகு வாயை மூடி, புருவத்தை உயர்த்திக் குழந்தையையே பார்த்திருப்பாள். முதலில் இரண்டு பேருக்கும் அவளே பேச வேண்டியிருந்தது. போகப்போக மோனிகா பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"

"ஆடு."

"எந்த ஆடு?"

"மே... ஆடு!"

குழந்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜோக் புரிந்ததோ இல்லையோ, தன் முறை வரும்வரை பொறுக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் காலை, சாராள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"டீச்சர், கதவ சாத்துங்க! கத்தி எடுத்துக்கினு வர்றான்!"

ஈஸ்வரி தாழ்ப்பாளைப் போட்டு, போலீசுக்குப் போன் செய்தாள். பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்து உதட்டில் விரல் வைத்தாள். சாராளின் புருஷன் ஜெரால்ட் வந்து கதவை அறைந்தான். யாரும் மூச்சு விடவில்லை. சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது. போய்விட்டான் என்றே நினைத்தார்கள்.

அப்போது மெதுவாகக் கதவு தட்டப்பட்டது. டொக் டொக்.

"யாரு?" என்றாள் மோனிகா.

"உங்கப்பன்டி."

"எந்த அப்பா?"

ஒரே உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. முகத்தைக் காக்கத் தூக்கிய சாராளின் கையில் கத்தி இறங்கியது. சுவரெல்லாம் ரத்தம். ஈஸ்வரி சாதக் கரண்டியை எடுத்து அவன் மண்டையில் போட்டாள். மறுபடியும் போட்டாள். டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் அவனை வாசலில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். போலீஸ் வரும்வரை ஈஸ்வரி தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சாராளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து ஈஸ்வரி அழுதாள்.

"நான் கத்துக்குடுத்ததுதாம்மா காட்டிக் குடுத்துச்சு."

"அது இல்லன்னாலும் ஒடச்சிருப்பான் டீச்சர். எங்க ஊட்ல அவன யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்ல. இவ கேட்டா."

ஜெரால்ட் ஜெயிலுக்குப் போனான். சாராளின் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. மோனிகா பேச்சை நிறுத்தினாள். யாராவது எதையாவது தட்டினால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள். ஈஸ்வரி ஸ்டூலைத் தட்டுவதையே விட்டாள். மடியில் உட்கார வைத்துக் கேள்வி மட்டும் கேட்டாள். பதில் வராவிட்டால் தானே சொல்லிக்கொண்டாள்.

"மாடு இன்னா துன்னும்? புல்லு துன்னும். குருவி இன்னா துன்னும்? நெல்லு துன்னும். மோனிகா இன்னா துன்னும்?"

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், அந்தக் கேள்விக்குக் குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். ஈஸ்வரி வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"டீச்சர!" என்று சொல்லி, மோனிகா அவள் கையை வலிக்கக் கடித்துவிட்டுச் சிரித்தாள்.