இரண்டு கைக்கு இடம்

காஜா பெராங் ரப்பர் தோட்டத்துப் பாலர் வகுப்பின் ஆசிரியை சாரதாம்பாள், தோட்ட அலுவலகத்தின் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் ‘ப’ எழுத்தைப் புள்ளிகளால் வரைந்திருந்தாள். இடது உச்சியில் தொடக்கப்புள்ளி. கீழே, வலப்பக்கம், மேலே என அம்புக்குறிகள். எழுத்துக்கு எழுத்து இரண்டு விரல் இடைவெளி.

நான்கு வயதுக் கோகிலா மட்டும் வலது உச்சியிலிருந்து கரிக்கட்டையை இழுத்தாள். கோடு அடுத்த எழுத்தின்மேல் போய் இடித்தது.

“அம்புக்குறி இந்தப் பக்கம்தானே, கண்ணு?”

“அப்பா அங்கருந்துதான் இழுக்கறாரு, டீச்சர்.”

அவள் அப்பா சுப்பையனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போய் ஏழு மாதமாகியிருந்தது. சாரதாம்பாள் சிறுமியின் கையைப் பிடித்துப் புள்ளியில் வைக்கப் போனாள். அந்தக் கைமேல் இன்னொரு கை இருந்தது, பெரியதாய், ஈரமாய். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெடுக்கென்று விலகினாள்.

அன்று பிற்பகலே புதுத் தாள் வரைந்தாள். வரிக்கு இரண்டே எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், நடுவே நான்கு விரல் இடைவெளி. தொடக்கப்புள்ளியைச் சிவப்பு மையால் பெரிதாக்கினாள்.

மறுநாள் அதைக் கோகிலாவின் முன் விரித்து, அவள் தோளுக்கு மேலிருந்த வெறுமையிடம் சொன்னாள்: “இங்கருந்து தொடங்குங்க, அண்ணே. அப்பதான் பிள்ளைக்குச் சரியாப் பழகும்.”

கரிக்கட்டை தயங்கியது. பிறகு சிவப்புப் புள்ளிக்கு நகர்ந்து, கீழிறங்கி, வலப்பக்கம் திரும்பி, மேலே ஏறியது. எதிலும் இடிக்கவில்லை. கோகிலா சிரித்தாள். சாரதாம்பாள் அடுத்த தாளை எடுத்து, அதிலும் சிவப்புப் புள்ளி வைத்தாள்.