சமமான ஆறு பேர்

லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீடுதான் எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகம். டீம் லீட் ஜலஜா சாட்டில் ஒரே வரி அனுப்பியிருந்தார்: விண்ணப்பங்களை மதிப்பெண்படி அடுக்க ஒரு சின்ன நிரல் வேண்டும்.

எந்த மொழியில், தரவு எந்த வடிவில் வரும், மதிப்பெண் சமமானால் யார் முதலில் என்று கேட்டேன்.

"ஒரு லிஸ்ட்டை அடுக்க மூணு கேள்வியா, வெங்கட்? சும்மா எழுதிக் குடுங்க."

பைத்தான் மொழியில் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். மதிப்பெண் சமமானால் கோப்பில் வந்த வரிசை மாறாது என்று மேலே குறிப்பும் எழுதினேன். ஜலஜா குறிப்பை நீக்கிவிட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்.

வாடிக்கையாளரின் கோப்பு பெயர்களின் அகரவரிசையில் வந்திருக்கிறது. நேர்காணலுக்கு முதல் ஐம்பது பேரைத்தான் அழைத்தார்கள். ஐம்பதாவது இடத்தில் ஆறு பேருக்கு எழுபத்திரண்டு. அகரவரிசையில் முந்திய அஸ்வத்துக்கு அழைப்பு போனது, சாய்பிரியாவுக்கும் மற்ற நால்வருக்கும் போகவில்லை. பள்ளி முழுக்க வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயராக இருந்தவன் நான். எனக்கே இது தோன்றவில்லை.

புகார் வந்ததும் மீட்டிங். "வெங்கட் எழுதினது," என்றார் ஜலஜா. சாட்டில் நான் கேட்டிருந்ததைக் காட்டினேன். "பதில் வரலைன்னா திரும்பக் கேட்டிருக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க."

"சரி மேடம். மார்க் சமமா இருந்தா யார் முதல்ல?"

"இன்னும் அதே கேள்விதானா?" என்றபடி எழுந்து போனார்.